எந்த மொழியில் தொடங்குவது, எப்போது மாறுவது

(காலாப்பட்டில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். ஜூன் மாதம் நெருங்கினால் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "சார், புள்ளைய தமிழ் மீடியத்துல சேக்கிறதா, இங்கிலீஷ் மீடியத்துல சேக்கிறதா? நாளைக்கு காலேஜ், வேலைன்னு வரும்போது கஷ்டப்படக் கூடாது." நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டு தள்ளி யோசிக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. பெற்றவர்கள் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிப் பாருங்கள். முத்தியால்பேட்டை வரை புதுச்சேரி. கோட்டக்குப்பம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. நம்மைத் தாண்டி, கனகசெட்டிக்குளத்தையும் தாண்டினால் மறுபடி விழுப்புரம் மாவட்டம். ஒரே சாலை, ஒரே பேச்சு, ஆனால் பள்ளிக்கூட விதிகள் இரண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தமிழ்வழி இன்றும் இருக்கிறது; 2012-13 முதல் அதோடு ஆங்கிலவழிப் பிரிவும் சேர்ந்தது. நம் பக்கத்தில் கதை வேறு. புதுச்சேரிக்குச் சொந்தத் தேர்வு வாரியம் கிடையாது. நெடுங்காலம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. பிறகு நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. தொடக்க வகுப்புகள் முதலில் மாறின. மேல் வகுப்புகள் 2023-24லும் அதற்கடுத்த ஆண்டிலும் மாறின. 2025இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் சிபிஎஸ்இ தேர்வாக எழுதினார்கள். என்சிஇஆர்டி புத்தகம், ஆங்கிலத்தில் பாடம், தமிழ் ஒரு பாடமாக மட்டும்.

ஆகவே காலாப்பட்டில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தால், அவள் தேர்ந்தெடுக்காமலே ஆங்கிலவழி வந்துவிடுகிறது. தனியார் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ்வழிதான் வேண்டும் என்றால் எல்லை தாண்டிப் போக வேண்டும். எனவே எது உயர்ந்தது என்று நான் இங்கே பட்டிமன்றம் நடத்தப்போவதில்லை. ஆங்கிலவழி வகுப்பில் உட்காரப்போகிற, வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிற பிள்ளைக்கு எது எப்போது நடக்க வேண்டும், நடக்கவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில், வாசிப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கி, அந்தச் சொல்லுக்குத் தனக்கு முன்பே தெரிந்த பொருளை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 'வலை' என்று எழுத்துக்கூட்டிய மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணமே அப்பாவின் வலை கண்ணுக்குத் தெரிகிறது. தான் சரியாகத்தான் படித்தோம் என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. தெரியாத மொழியில் எழுத்துக்கூட்டினால் அந்த உறுதி கிடைக்காது. சரியாகப் படித்தாலும் தப்பாகப் படித்தாலும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அது டீச்சர் முகத்தைப் பார்த்தே படிக்கிறது.

ஆங்கில எழுத்துமுறை அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளையே திணறடிக்கும். எழுத்து 26; ஒலிகள் நாற்பதுக்கு மேல்; ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தரும். 2003இல் சீமோர் என்பவரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் பல ஐரோப்பிய மொழிகளில் ஓராண்டு படித்த பிள்ளைகளைச் சோதித்து ஒப்பிட்டார்கள். பின்லாந்துப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98 விழுக்காட்டைச் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் 34 விழுக்காடுதான் படித்தார்கள். அவர்கள் மந்தமானவர்கள் இல்லை. எழுத்துமுறை அவ்வளவு கடினம்.

தமிழ் சுலபம் என்று சொல்லி நான் நழுவிவிட முடியாது. நம் எழுத்துகள் 247. உயிர்மெய்க் குறிகள் எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும். இவை முழுதாகப் படிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும். இந்திய எழுத்துமுறைகளை ஆராய்ந்தவர்கள் கன்னடத்திலும் இதையேதான் கண்டார்கள். போதாததற்கு, வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "வந்துச்சு" என்று பேசும் பிள்ளை "வந்தது" என்று படிக்க வேண்டும். தாய்மொழியில் கற்றால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்பு வந்தும் ஒரு பத்தி படிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தமிழில் எழுத்துகள் படிந்துவிட்டால் வேலை முடிந்தது. அதுவரை பார்த்திராத சொல்லையும் பிள்ளை படித்துவிடும். படித்ததன் பொருளைத் தேடும் பழக்கமும் அங்கேதான் வரும். அந்தப் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் இன்னொரு மொழிக்கும் கூடவே போகும்.

இதற்குச் சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே பல பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகள் ஜூலு, ஹோசா போன்ற வீட்டு மொழிகளில் நடந்தன. நான்காம் வகுப்பில் ஆங்கிலவழி தொடங்கியது. சில பள்ளிகள் முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டன. டெய்லர், வான் பின்டல் என்ற இருவர் இந்த இரண்டு வகையையும் ஒப்பிட்டு 2016இல் எழுதினார்கள். நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலத் தேர்வு வைத்தபோது, முதலில் வீட்டு மொழியில் படித்த பிள்ளைகளே ஆங்கிலத்திலும் முன்னால் நின்றார்கள். அந்த முன்னிலை பிரம்மாண்டமானதல்ல, பெரிய பள்ளிக் குறைகளை அது ஈடுகட்டவும் இல்லை. ஆனால் திசை தெளிவு: மூன்றாண்டு தாய்மொழி, ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை, வளர்த்தது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் ஆங்கிலத்தைத் தள்ளிப்போடலாம்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதற்கு மேற்கு வங்கம் பாடம். 1983இல் அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். நோக்கம் நல்லதுதான், ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் நிலைக்க வேண்டும் என்று எண்ணினார்கள். வசதியுள்ள வீடுகள் டியூஷன் வைத்து ஈடுகட்டின. அந்தத் தலைமுறை வேலைக்கு வந்தபோது, ஆங்கிலம் இல்லாததால் சம்பளம் குறைந்ததைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. பிறகு அரசே ஆங்கிலத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே குறை வங்காளவழியில் இல்லை. ஆங்கிலம் ஒரு பாடமாகக்கூட இல்லாமல் போனதில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நம் வீடுகளில் சண்டை வருகிறது. ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கிலத்தில் கணக்கும் அறிவியலும் கற்பது வேறு. முதலாவது முதல் வகுப்பிலிருந்தே, பாட்டும் பேச்சுமாக, வேண்டும். இரண்டாவதற்குக் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். நான் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலிருந்தே சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படி ஒரு கணக்கு ஆங்கிலத்தில் வரும்: மீனாவிடம் 45 சிப்பிகள், கண்ணனிடம் 18 சிப்பிகள், கண்ணனைவிட மீனாவிடம் எத்தனை அதிகம்? பல பிள்ளைகள் 63 என்று எழுதும். 'மோர்' என்று பார்த்தால் கூட்டு என்று அதற்குப் பழக்கப்படுத்தியிருக்கிறோம். வாக்கியம் புரியாத பிள்ளை, தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிறது. நோட்டில் சிவப்பு மையில் தப்பு விழும். "புள்ளைக்குக் கணக்கு வரல" என்று டியூஷனுக்கு அனுப்புவீர்கள். அங்கேயும் அதே ஆங்கிலத்தில் அதே கணக்கு.

டியூஷனுக்கு அனுப்புமுன் அதே கணக்கைத் தமிழில், பேச்சு வழக்கில், வாயால் கேளுங்கள். பிள்ளை 27 என்று சொன்னால் அதற்குக் கணக்கு தெரியும், வாக்கியம்தான் புரியவில்லை. அதற்கு டியூஷன் வேண்டாம், வாசித்துப் பொருள் சொல்லும் பழக்கம் வேண்டும். தமிழில் கேட்டும் 63 என்றால் கணக்கே இன்னும் படியவில்லை. சிப்பியையோ புளியங்கொட்டையையோ எடுத்து எதிரெதிரே அடுக்கி, மிச்சத்தை எண்ணச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. எந்த நோய் என்று தெரியாமல் பணம் செலவழிக்காதீர்கள்.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் சோதனை இன்னும் எளிது. பாடத்தைப் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன படிச்சே, எங்கிட்ட சொல்லு" என்று தமிழில் கேளுங்கள். நீங்கள் ஆங்கிலம் தெரியாதவராக இருந்தாலும் இதைச் செய்யலாம். புரிந்த பிள்ளை தன் பேச்சில், முன்னும் பின்னுமாக, ஆனால் சொல்லிவிடும். புரியாத பிள்ளை ஆங்கில வரிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும், இல்லையென்றால் வாய் திறக்காது. கேள்வி பதில் நோட்டில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை மனப்பாடம் தாங்கும். ஆறாம் வகுப்பில் புத்தகம் தடிமனாகிறது, ஒன்பதாம் வகுப்பில் தாங்கவே தாங்காது. அதுவரை நல்ல மார்க் வாங்கிய பிள்ளை திடீரென்று சறுக்கியதாக நமக்குத் தோன்றும். ஆனால் அது மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிய சறுக்கல்.

பேச்சில் ஏமாந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலவழியில் போட்ட பிள்ளை ஒன்றிரண்டு ஆண்டில் வணக்கம் சொல்லும், தண்ணீர் கேட்கும், பாட்டுப் பாடும். நமக்குப் பெருமையாக இருக்கும். இரண்டாம் மொழி கற்பதை ஆராய்ந்த கனடா நாட்டு ஜிம் கம்மின்ஸ் காட்டியது இது: அன்றாடப் பேச்சுக்கு இரண்டு ஆண்டு போதும், பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதுவும் சுற்றிலும் ஆங்கிலம் பேசுகிற ஊரில். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வகுப்பறைச் சுவரோடு நின்றுவிடுகிறது. முதல் வகுப்பில் தொடங்கினாலும் ஏழாம் வகுப்பு வரை அது பாதி புரிந்த நிலையில்தான் எல்லாப் பாடத்தையும் படிக்கும் என்று அர்த்தம். அந்த ஆண்டுகளில் தமிழ் தாங்கிப் பிடிக்கவில்லை என்றால், பிள்ளை இரண்டிலும் பாதியாக நிற்கும்.

தாங்கிப் பிடிக்க வழி இருக்கிறதா? கொள்கையளவில் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, முடிந்த இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளோடு எனக்குச் சண்டை உண்டு. இந்த ஒன்றில் இல்லை. 2023 ஜூலையில் சிபிஎஸ்இ தன் பள்ளிகள் இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாக வைத்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டது. 2025 மே மாதம் இன்னொன்று வந்தது: பள்ளிக்கு முந்தைய வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை, பிள்ளை எழுதப் படிக்கக் கற்கும் முதல் மொழி வீட்டு மொழியாக இருக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடத்தில் இதை ஆர்-1 என்பார்கள். எனவே சேர்க்கைக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "ஒன்றாம் வகுப்புக்கு ஆர்-1 எது? தமிழா, ஆங்கிலமா?" கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆங்கிலம் என்றால், பிள்ளை தமிழ் எழுத்தை எந்த வகுப்பில் முடிக்கும், ஒரு வாரத்தில் தமிழுக்கு எத்தனை பீரியட் என்று அடுத்துக் கேளுங்கள்.

சுற்றறிக்கையால் எல்லாம் மாறிவிடாது என்பதும் உண்மை. என்சிஇஆர்டி புத்தகங்கள் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில்தான் நெடுங்காலமாக வருகின்றன. இந்தி பேசும் பிள்ளை தன் மொழியில் சிபிஎஸ்இ அறிவியல் படித்து, தன் மொழியிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியும். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. இது நியாயமல்ல, இதைக் கேட்க வேண்டியது புதுச்சேரி அரசும் நாமும். அதுவரை ஒரு நடைமுறை வழி: தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் தனித்தனியாக, ஒரே பாட வரிசையில் அச்சாகின்றன, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு சிபிஎஸ்இ பிள்ளை ஒளிச்சேர்க்கையையோ பின்னத்தையோ ஆங்கிலத்தில் படித்துத் திணறினால், அதே பொருளைத் தமிழ்நாட்டுத் தமிழ்வழிப் புத்தகத்தில் எடுத்து ஒருமுறை படிக்கட்டும். வரிக்கு வரி பொருந்தாது. கருத்து ஒன்றுதான்.

இப்போது கல்லூரிக்கு வருவோம். நம் சாலையின் மேற்குப் பக்கம் பாருங்கள். 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், அதற்கு ஓராண்டு முன்னால் தொடங்கி இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கும் பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி. குப்பத்திலிருந்து நடந்தே போகும் தூரம். தமிழ் இலக்கியம் போன்ற சில துறைகளைத் தவிர்த்தால் உள்ளே பாடம் ஆங்கிலத்தில்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் சேர்க்கை குறைவு என்று அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. தமிழில் பொறியியல் முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இடங்களை நம்பி நாலு வயதுப் பிள்ளையின் வழியை இன்று முடிவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

வாசலில் நடக்கும் நுழைவுத் தேர்வு மட்டும் தமிழுக்குத் திறந்திருக்கிறது. நீட் தேர்வை 2017 முதலும், ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதலும் தமிழில் எழுதலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான க்யூட் தேர்வு 2022இல் தொடங்கியபோதே தமிழிலும் வந்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாக வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, பிறகு ரத்தும் செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே முடிவானது என்பது தேர்வு விதி. தமிழில் எழுதும் பிள்ளைக்குக் கிடைக்கும் தாளில் ஆங்கிலமும் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் படிக்கத் தெரிந்த பிள்ளை அங்கே பிழையைக் கண்டுபிடிக்கும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை பிழையை நம்பும்.

வேலை, சம்பளம் பற்றி ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன். ஆசாம், சின், பிரகாஷ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2013இல் வெளியிட்டது. சரளமாக ஆங்கிலம் பேசும் ஆண்களின் மணிநேர ஊதியம், ஆங்கிலமே தெரியாதவர்களைவிட 34 விழுக்காடு கூடுதல். கொஞ்சம் தெரிந்தால் 13 விழுக்காடு. இதை மட்டும் கேட்டால் நாளைக்கே பெரிய ஸ்கூல் வாசலில் நிற்பீர்கள். ஆய்வின் அடுத்த பாதியையும் கேளுங்கள்: இளைஞர்களில் அந்தக் கூடுதல் பெரும்பாலும் படிப்பை முடித்தவர்களுக்கே கிடைத்தது. படிப்பைப் பாதியில் விட்ட இளைஞனுக்கு ஆங்கிலம் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பாடம் புரியாமல் ஒன்பதாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைக்கு ஆங்கிலவழி எதையும் தரவில்லை என்பது இதன் அர்த்தம்.

சலுகைகளைப் பற்றி இரண்டு வரி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கானது; நம் அரசுப் பணிக்குப் பொருந்தாது. அதை மட்டும் நம்பி எல்லை தாண்டாதீர்கள். நம் பக்கத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2023 முதல் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு அளவுகோல் அரசுப் பள்ளி, பயிற்றுமொழி அல்ல. எந்தெந்த வகுப்புகளை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் சென்டாக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கித் தனியாருக்கு மாற்றுமுன் அதைப் பார்ப்பது நல்லது.

ஆகவே என் பதில் இது. இரண்டு பள்ளிகளும் எட்டும் தூரத்தில் இருந்து, எல்லைக்கு அப்பால் உள்ள தமிழ்வழிப் பள்ளியில் நல்ல ஆசிரியர் இருந்து, அங்கே ஆங்கிலமும் உண்மையாகவே நடக்கிறது என்றால், முதல் ஐந்து ஆண்டு அங்கே படிக்க வையுங்கள். ஆறாம் வகுப்பில் மாற்றுங்கள். மாறும் ஆண்டு கடினமாகத்தான் இருக்கும், மார்க் இறங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தைப் பதினொன்றாம் வகுப்புக்கோ கல்லூரி முதலாண்டுக்கோ தள்ளிவைக்காதீர்கள். பதினேழு வயதில் பாடமும் புதிது, மொழியும் புதிது என்றால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். கெட்டிக்காரப் பிள்ளைகளே அங்கே மனம் உடைந்துபோகிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளிதான் முடியும் என்றால், அதில் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை தமிழில் ஒரு சின்னக் கதையைத் தானாகப் படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பைப் பள்ளியோடு நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும்.

ஏற்கெனவே நான்கிலோ ஐந்திலோ இருக்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் வாசிப்பு வரவில்லையே என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டீர்கள். முதலில் தமிழைப் பிடியுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். பிள்ளை வெட்கப்படும், தம்பிக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அரை ஆண்டுக்குள் தமிழ் கூடிவரும். அது வரும்போதே ஆங்கிலத்தில் ஒன்றாம் வகுப்புக் கதைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு டீச்சரிடம் இதைச் சொல்லி, அந்தக் காலத்துக்கு மார்க் பற்றிப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற கேள்விகளைக் கூட்டம் முடிந்ததும் தனியாகக் கேளுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.